மலையாய் எழுந்தாய், நதியாய் நடந்தாய்

(மாசி மகத் தீர்த்தவாரியன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாடும் பாட்டு. ஆனந்தபைரவி, திஸ்ர நடை. பல்லவியைத் தலைமைப் பாடகர் ஒருமுறை பாட, எல்லாரும் இருமுறை வாங்கிப் பாட வேண்டும். வசனம் சொல்லும்போது ஜால்ராவும் கஞ்சிராவும் நிற்கட்டும். ஆர்மோனிய சுருதி மட்டும் இருக்கட்டும்.)

காப்பு

ஆற்றங் கரைதோறும் ஆலின் அடிதோறும்
வீற்றிருக்கும் பிள்ளாய் விநாயகனே – போற்றினோம்
மாமலையும் ஆறும் கடலும் வணங்கிடும்
நாமுரைக்கும் பாட்டில் நட.

பல்லவி

மலையாய் எழுந்தாய் நதியாய் நடந்தாய்
மாகடல் ஆனாய் ஐயா – உன்
அலையாய் அழைத்தாய் அடியார் வந்தோம்
ஆட்கொள்ள வாராய் ஐயா

அனுபல்லவி

கெடிலம் ஒருகை பெண்ணை ஒருகை
கேட்டதைத் தருகின்ற ஊரில் – மணற்
படியில் இறங்கும் பாதங்கள் யாவும்
பணிந்திடும் மாசிமக நீரில்
(மலையாய்)

மலை

நந்திமலை உச்சியில் நனைந்தவோர் துளியாய்
நடைதொடங் கியதுன் பெண்ணை – அது
வந்துசேரும் வழியெல்லாம் வயலுக்கு மடிநீட்டி
வளர்த்தது பச்சை மண்ணை

மருந்துமலை மேல்பரி முகன்வீற் றிருக்க
மாமறை ஒலிக்குது காற்றில் – கீழே
திருந்துதமிழ்த் தேசிகன் தங்கிநின்ற ஊர்நனைக்கும்
தேவநாதன் கெடில ஆற்றில்

கேப்பர்மலைச் செம்மண்ணு குடித்தமழை யெல்லாம்
கேணியில் ஊறுது திரும்ப – முந்திரித்
தோப்பெல்லாம் பூப்பூத்துத் தையிலே மணக்கும்
துணையிருந்தாய் நீ அரும்ப
(மலையாய்)

வசனம்

மெய்யன்பர்களே, கடற்கரையில் நின்றுகொண்டு ஏன் மலையைப் பாடுகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், சொல்லுவோம். நம் ஊரில் அண்ணாந்து பார்க்கும்படியான சிகரம் கிடையாது. திருவந்திபுரத்து ஔஷதகிரியில் ஏறத் தொடங்கினால் கால் வலிக்கும் முன்பே ஹயக்ரீவர் சன்னதி வந்துவிடும். கேப்பர் மலை ஒரு செம்மண் மேடு. மழை பெய்த மறுநாள் அங்கே நடந்தால் செருப்பின் அடியில் சிவப்புச் சேறு அப்பிக்கொள்ளும். ஆனால் அந்த மேட்டின் கீழே இருக்கும் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று நம் ஊரின் பெயரையே புவியியல் அறிஞர்கள் வைத்திருக்கிறார்கள். பெய்கிற மழையை அது உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வரும் தண்ணீர் பல காலத்துக்கு முந்தைய மழையாகவும் இருக்கலாம். யாருக்கென்று தெரியாமலே ஒருவன் சேர்த்து வைத்தான் என்றால், அவனைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவது?

பெண்ணையாறும் அப்படித்தான். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவலூர் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து இங்கே வந்து கடலில் விழுகிறது. நம் கண்ணுக்கு மலை தெரியவில்லை. மலையின் தண்ணீர் நம் காலை நனைக்கிறது. அதனால்தான் பாட்டு மலையிலிருந்து இறங்குகிறது.

ஆறு

அதிகை நகரிலே அக்கையின் கைநீறு
அப்பரின் சூலைதீர்த் ததுவே – அந்தக்
கதியறிந்த கெடிலம் கண்ணீரைக் கழுவிக்
கடலூரில் சேர்ப்பதும் இதுவே

செஞ்சிமலை விட்டிறங்கிச் சிலுசிலுத்து வருகுது
சங்கரா பரணி யம்மா – வந்து
தஞ்சமென்று நின்றோரைத் திருக்காஞ்சிப் படித்துறையில்
தாங்கிடும் தரணி யம்மா

முதுகுன்றம் தொட்டுவரும் மணிமுத்தா றுண்டு
முன்னோரைக் கரையேற்றும் தண்ணீர் – உலகில்
எதுகுன்றும் எதுவளரும் எல்லாமும் அறிந்தவனே
எங்களுக்குத் துடையாய் கண்ணீர்

பூமாலை சுற்றிவந்த நெகிழிப்பை நீரில்
போடாத கைகொடு சாமி – உன்
மாமேனி இந்தநீர் என்பதை மறவாத
மனமொன்று கொடுத்திடு சாமி
(மலையாய்)

வசனம்

கெடிலம் வந்த கதையைத் திருவந்திபுரத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெருமாளுக்குத் தாகம் எடுத்தது. கருடன் தண்ணீர் கொண்டுவரப் பறந்து போனார். நேரம் ஆயிற்று. அதற்குள் ஆதிசேஷன் வாலால் தரையை அடித்து ஊற்றைக் கிளப்பிக் கொடுத்துவிட்டார். அதுதான் சேஷ தீர்த்தம். பிறகு கருடன் நீரோடு வந்து நின்றார். தாமதமாக வந்த நீர் வேண்டாம் என்று பெருமாள் சொல்லவில்லை. அதையும் ஏற்றுக்கொண்டார். அந்த நீர்தான் கருட நதி, நம் கெடிலம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வாழ்நாளில் பிந்தி வந்து கும்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர் இந்தக் கரையில் நிற்கிறோம். பிந்தி வந்த தண்ணீருக்கும் அவன் இடம் வைத்திருக்கிறான்.

பங்குனி, சித்திரையில் கெடிலத்தைப் பார்த்தால் மனம் கனக்கும். மணலும் நாணலும் ஆங்காங்கே தேங்கிய நீரும்தான். அதே ஆறு கார்த்திகையில் பாலத்தைத் தொடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெங்கல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து, பெண்ணை கரை மீறி நம் தெருக்களுக்குள் வந்ததை யாரும் மறக்கவில்லை. அரிசி மூட்டையும் பிள்ளைகளின் பாடப் புத்தகமும் நனைந்தன. ஆற்றைத் தெய்வம் என்று பாடுகிறவர்கள் அதன் வழியை மறித்து வீடு கட்டக் கூடாது, வாய்க்காலில் குப்பை கொட்டக் கூடாது. கும்பிட்ட கையே அதைச் செய்தால் இந்தப் பாட்டு வெறும் சத்தம். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

கடல்

கல்லோடு கட்டிக் கடலில்விட்ட போதும்
கரையேற்றி விட்டவன் நீயே – அந்தச்
சொல்லோடு வந்தவர் சேர்ந்தபுலி யூரில்
சோதியாய் நின்றவன் நீயே

விடிவெள்ளி பார்த்து வலைதூக்கிப் போவோர்
விழியிலே விளக்கானாய் ஐயா – கொண்டல்
படியவந்து காற்றாகி மடிநிறைய மீனாகிப்
பத்திரமாய்ச் சேர்த்தாய் ஐயா
(மலையாய்)

வசனம்

அப்பர் பெருமானைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல் மிதந்தது. அவர் வந்து ஏறிய இடத்தைக் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் சொல்கிறோம். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர் போய்ப் பாடலீசுவரரைப் பாடினார். இது நம் ஊரின் பெருமை. ஆனால் இந்தக் கரையில் நின்று அந்த ஒரு கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கடலைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இதே தேவனாம்பட்டினம். பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்த நேரம். இங்கே நிற்கும் பலரின் வீட்டுச் சுவரில் அன்றைய நாளுக்கு மாலை போட்ட படம் இருக்கிறது. கல்லை மிதக்க வைத்த அதே நீர், மனிதரை ஏன் மிதக்க விடவில்லை? இதைக் கேட்பது தெய்வ குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெற்றவனிடம்தான் பிள்ளை கேட்கும். கேட்காமல் பாடும் பாட்டில் பக்தியைவிடப் பயம்தான் அதிகம் இருக்கும். அடுத்த இரண்டு கண்ணிகளை மெதுவாகப் பாடுவோம். கைதட்ட வேண்டாம். யாரையாவது இழந்தவர்கள் மனத்துக்குள் அவர்கள் பேரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

மார்கழி ஞாயிறு விடிந்தபின் ஒருநாள்
மலைபோல எழுந்தாயே ஐயா – எங்கள்
ஊர்களிலே அழுகுரல் ஓயாமல் கேட்டதே
உன்கையோ அதுவும்சொல் ஐயா

கேள்விக்குப் பதிலில்லை கிழக்கேதான் உதித்தாய்
கேட்டபடி நிற்கின்றோம் இன்னும் – எமை
வாழ்விக்கும் கடலையே வைதபின்னும் தொழுதோம்
வலைவீசிப் போகின்றோம் இன்னும்

(சிறிது நேரம் மௌனம். பிறகு ஜால்ரா மெல்லத் தொடங்கும்.)

மழை

கடல்மொண்ட கருமேகம் ஐப்பசியில் கறுத்துக்
கல்வரா யன்மலை தொடுமே – மீண்டும்
தடமறிந்து மணிமுத்தும் கோமுகியும் இறங்கித்
தாய்மடி தேடிவந் திடுமே

ஏறுவதும் நீயய்யா இறங்குவதும் நீயய்யா
இடையிலே நாங்களோர் துளியே – உப்பாய்
மாறுவதும் நீராகி மேகமென எழுவதும்
மாயவா உன்திரு விளையே
(மலையாய்)

வசனம்

இப்போது சுவாமிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். பாதிரிப்புலியூர்ப் பெருமானும் சுற்றுவட்டார ஊர்த் தெய்வங்களும் பல்லக்கிலும் டிராக்டரிலும் வண்டியிலுமாக மணலில் இறங்குவதைப் பாருங்கள். இதே நாளில் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகன் மலையை விட்டு இறங்கிக் கடலுக்கு வருகிறான். தெற்கே கிள்ளையில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடலாடப் போகிறார். வழியில் தர்காவில் அவருக்கு மரியாதை செய்கிறார்கள். மலைத் தெய்வம், ஆற்றங்கரைத் தெய்வம், தர்காவின் மாலை எல்லாம் இன்று ஒரே உப்புநீரில் வந்து சேர்கின்றன. சூலத்தை நீரில் அமிழ்த்தும்போது எல்லாரும் ஓரடி முன்னே போக முயலுவோம், வேண்டாம். வயதானவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் வழி விடுங்கள். அலை அவர்கள் காலைத் தொட்டபின் நம் காலையும் தொடும்.

நாமாவளி
(தலைவர் சொல்ல, எல்லாரும் “சரணம் சரணம்” என்று சொல்ல வேண்டும்)

மலைமேல் நின்ற மணியே – சரணம் சரணம்
ஆறாய் வந்த அமுதே – சரணம் சரணம்
அலையாய் அழைக்கும் அரசே – சரணம் சரணம்
பாதிரிப் புலியூர்ப் பரமே – சரணம் சரணம்
பெரிய நாயகித் தாயே – சரணம் சரணம்
அயிந்தை நகரின் ஐயா – சரணம் சரணம்
செங்க மலத்துத் தாயே – சரணம் சரணம்
மயிலம் மலைவாழ் முருகா – சரணம் சரணம்
மணக்குளத்து விநாயகா – சரணம் சரணம்
கிள்ளைக்கு வந்த வராகா – சரணம் சரணம்

மங்களம்

மலைக்கும் மரத்துக்கும் மங்களம் – நீர்
அலைக்கும் மணலுக்கும் மங்களம்
வலைக்கும் ஏருக்கும் மங்களம் – எம்மை
நிலைக்க வைத்தவன் தாளுக்கு மங்களம்

பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் மங்களம் – செம்
மண்ணுக்கும் மழைக்கும் மங்களம்
கண்ணுக்குள் நின்றவர்க்கு மங்களம் – கடல்
வண்ணனுக்கும் வார்சடை யானுக்கும் மங்களம்