தொடர்பு வகுப்பு, செய்முறைத் தேர்வுக்கு விடுப்பும் ஷிப்டு மாற்றமும் கோரும் விண்ணப்பம்

கோயம்புத்தூர்
23-09-2024

அனுப்புநர்
க. மணிகண்டன்
தர ஆய்வாளர், மெஷின் ஷாப் (பொது ஷிப்டு)
பம்ப் உற்பத்திப் பிரிவு, குறிச்சி தொழிற்பேட்டை

பெறுநர்
மேலாளர், பணியாளர் பிரிவு
வழி: தலைவர், தர ஆய்வுப் பிரிவு

பொருள்: பகுதிநேர பி.இ. இயந்திரவியல், மூன்றாம் பருவம் – தொடர்பு வகுப்பு, செய்முறைப் பயிற்சி, செய்முறைத் தேர்வுக்கான விடுப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நிர்வாகம் சென்ற ஆண்டு வழங்கிய தடையின்மைச் சான்றின் பேரில் மாலைநேர பி.இ. படிப்பில் சேர்ந்து, இப்போது மூன்றாம் பருவத்தில் படிக்கிறேன். இதுவரை வகுப்புகள் மாலை 6.15-க்கு மேல் நடந்ததால் பொது ஷிப்டு முடித்துவிட்டுச் செல்ல முடிந்தது. இந்தப் பருவத்தில் பொருள் வலிமை ஆய்வகம், பாய்ம இயந்திர ஆய்வகம் என இரண்டு செய்முறைப் பாடங்கள் உள்ளன. பகலில் முழுநேர மாணவர்கள் ஆய்வகத்தைப் பயன்படுத்துவதால் எங்களுக்குச் செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 7 மணி வரையும், சில சனிக்கிழமைகளில் முழுநாளும் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லூரி முதல்வரின் கால அட்டவணைக் கடிதத்தை இணைத்துள்ளேன்.

என் கோரிக்கைகள் பின்வருமாறு.

14-10-2024 முதல் 15-11-2024 வரை, ஐந்து வாரங்களுக்கு மட்டும், பொது ஷிப்டிலிருந்து (காலை 8.30 – மாலை 5) முதல் ஷிப்டுக்கு (காலை 6 – பிற்பகல் 2) என்னை மாற்ற வேண்டுகிறேன். இதைச் செய்தால் வாரநாள் செய்முறை வகுப்பு எதற்கும் விடுப்போ பெர்மிஷனோ தேவைப்படாது.

19-10-2024, 26-10-2024 ஆகிய இரு சனிக்கிழமைகளும் தொடர்பு வகுப்பு நாட்கள். இவற்றை என் வார விடுமுறையாக மாற்றித் தந்தால், ஈடாக 20-10-2024, 27-10-2024 ஞாயிற்றுக்கிழமைகளில் பணிக்கு வருகிறேன்.

09-11-2024 சனிக்கிழமை மாதிரிச் செய்முறைத் தேர்வு: ஒரு நாள் தற்செயல் விடுப்பு.

18-11-2024 திங்கள், 19-11-2024 செவ்வாய் செய்முறைத் தேர்வு: இரண்டு நாள் ஈட்டிய விடுப்பு.

என் கணக்கில் தற்செயல் விடுப்பு 3 நாளும் ஈட்டிய விடுப்பு 8 நாளும் இருப்பில் உள்ளன. ஈட்டிய விடுப்புக்கு 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்ற தொழிற்சாலைகள் சட்ட விதிக்கு உட்பட்டே இதைத் தருகிறேன்.

ஞாயிறு மாற்றம் குறித்துச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 52-ன்படி, ஞாயிறன்று வேலை செய்பவருக்கு அதற்கு முன்போ பின்போ மூன்று நாட்களுக்குள் ஒரு முழுநாள் விடுமுறை தர வேண்டும்; இடைவெளி இல்லாமல் பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நான் கேட்கும் சனி, ஞாயிறுக்கு முந்தைய நாள்தான். எந்த வாரத்திலும் என் வேலை 48 மணியைத் தாண்டாது என்பதால் கூடுதல் நேர ஊதியம் கோரவில்லை. ஆனால் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு அறிவிப்பும், அறிவிப்புப் பலகையில் அதன் நகலும் முன்கூட்டியே போக வேண்டும். முதல் மாற்றத்துக்கு அதை 18-10-2024-க்குள் முடித்தாக வேண்டும். அறிவிப்பு விடுபட்டால் ஆய்வின்போது கேள்வி நிர்வாகத்தின் மேல் வரும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த இரண்டு ஞாயிறுகளிலும் செய்யத் தகுந்த வேலை ஒன்று இருக்கிறது. அக்டோபரில் அளவுத்திருத்தம் செய்ய வேண்டிய மைக்ரோமீட்டர்கள் 14, வெர்னியர்கள் 9, போர் கேஜ்கள் 6. வாரநாளில் ஒரு போர் கேஜை அளவு அறைக்கு எடுத்தால் அதை நம்பியிருக்கும் மெஷின் நிற்கிறது. இல்லையென்றால் மெஷின் அருகிலிருந்து சூட்டோடு கொண்டுவந்து, 20 டிகிரி செல்சியஸுக்கு வரும் முன்பே அவசரமாக அளந்து தவறான திருத்தம் எழுத நேர்கிறது. சனிக்கிழமை கடைசி ஷிப்டு முடிந்ததும் எல்லாக் கருவிகளையும் அளவு அறையில் வைத்துவிட்டால், ஞாயிறு காலைக்குள் அறை வெப்பநிலைக்கு வந்துவிடும். 20-ஆம் தேதி மைக்ரோமீட்டர், வெர்னியர்களை ஸ்லிப் கேஜ் கொண்டும், 27-ஆம் தேதி போர் கேஜ்களை ரிங் கேஜ் கொண்டும் முடித்துப் பதிவேட்டில் எழுதிவிடுவேன்.

முதல் ஷிப்டு மாற்றத்திலும் பிரிவுக்கு ஒரு நன்மை உண்டு. இப்போது 6 மணிக்கு செட்டிங் முடிந்து வரும் முதல் பீஸ், என் ஒப்புதலுக்காக 8.30 வரை காத்திருக்கிறது. ஐந்து வாரமும் அந்தத் தாமதம் இருக்காது. பிற்பகல் 2 மணிக்கு மேல் வரும் வார்ப்பு லாரிகள்தான் சிக்கல். அவற்றின் வரவு ஆய்வை இரண்டாம் ஷிப்டு ஆய்வாளர் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட கடிதம் இணைப்பில் உள்ளது. மாதிரி எண்ணிக்கை, அளக்க வேண்டிய இடங்கள், சென்ற மாதம் அதிகம் நிராகரிக்கப்பட்ட வார்ப்பு எண்கள் அடங்கிய தாளை 14-ஆம் தேதிக்கு முன் அவரிடம் தருகிறேன்.

26-ஆம் தேதி தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. லோடு அதிகம் போகும் நாள் என்பதை அறிவேன். அன்று அனுப்ப வேண்டிய லாட்டுகளின் இறுதி ஆய்வை 25-ஆம் தேதி ஷிப்டு முடிவதற்குள் முடித்து, ஒவ்வொரு லாட்டிலும் ஆய்வுச் சீட்டு ஒட்டிவிடுவேன். அதன் பிறகு அசெம்பிளியிலிருந்து வரும் பம்புகளுக்கு மட்டும் வேறொருவர் கையொப்பம் தேவைப்படும். அந்த அதிகாரத்தை ஷிப்டு மேற்பார்வையாளருக்கு ஒரு நாளுக்கு மட்டும் எழுத்தில் அளிக்க வேண்டுகிறேன். வாய்மொழியாக விட்டால் வாடிக்கையாளர் தணிக்கையில் அந்த லாட்டுகளுக்கு ஒப்புதல் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

எல்லா நாட்களுக்கும் ஒப்புதல் தர இயலாவிட்டால், தவறவிடக் கூடாதவற்றின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நவம்பர் 18, 19. புறத்தேர்வாளர் வரும் நாள் என்பதால் அதற்கு மாற்று நாள் கிடையாது. தவறினால் அந்தப் பாடத்துக்கு அடுத்த முறை தேர்வு அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்தது அக்டோபர் 19. அன்று இழுவிசை, இரட்டை வெட்டு, முறுக்குச் சோதனைகள். இழுவிசைக்கும் வெட்டுக்கும் எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து ஒரே சோதனை இயந்திரம்தான் என்பதால் விட்ட சோதனையைப் பிறகு செய்ய நேரம் தர மாட்டார்கள். சோதனை செய்யாமல் ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் கிடைக்காது; கையொப்பமில்லாத நோட்டோடு தேர்வுக்கு உட்கார முடியாது. அதற்கடுத்து அக்டோபர் 26, பெல்டன் சக்கரம், பிரான்சிஸ் டர்பைன். நவம்பர் 9 கடைசி. ஆனால் மொத்த வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பருவத் தேர்வே எழுத முடியாது என்பதால், ஒரு நாளுக்கு மேல் விட இயலாத நிலையில் இருக்கிறேன்.

பல்கலைக்கழகம் தேர்வுத் தேதியை மாற்றினால், அறிவிப்பு வந்த அன்றே நகலைத் தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பேன். தேர்வு முடிந்ததும் வருகைச் சான்றிதழையும் ஒப்படைப்பேன். 20-11-2024 புதன் முதல் வழக்கமான பொது ஷிப்டுக்குத் திரும்புவேன். இடையே 16-ஆம் தேதி சனிக்கிழமையும் பொது ஷிப்டில் பணியில் இருப்பேன்.

செய்முறைக் குழுப் பட்டியலைக் கல்லூரி 30-09-2024 அன்று முடிவு செய்கிறது. அதன் பிறகு குழு மாற முடியாது. ஆகவே 28-09-2024 சனிக்கிழமைக்குள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
க. மணிகண்டன்

இணைப்பு:
1. கல்லூரி முதல்வரின் கால அட்டவணைக் கடிதம்
2. தடையின்மைச் சான்றின் நகல்
3. இரண்டாம் ஷிப்டு ஆய்வாளரின் ஒப்புதல் கடிதம்
4. அக்டோபர் மாத அளவுத்திருத்தப் பட்டியல்