கட்டி தட்டாத ராகிக் களி: தருமபுரி சமையல் வட்டத்தில் செய்து காட்டிப் பேசியது

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தாலும் உங்களுக்குக் களியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கட்டி தட்டாமல் கிண்ட வருமா என்று சென்ற கூட்டத்தில் கேட்டபோது நான்கு கைகள்தான் உயர்ந்தன. ஆகவே இன்று களியின் பெருமையைப் பேசாமல், அதைக் கிண்டும் வேலையை மட்டும் படிப்படியாகச் செய்து காட்டுகிறேன். கிண்டும் நேரத்தில் நான் வாய் திறக்க மாட்டேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை விருந்தினர் முன்னிலையில் பேசிக்கொண்டே கிண்டி, ஒரு பானை மாவையும் கோழிக்குத்தான் போட நேர்ந்தது.

மேசையில் இருப்பவை இவ்வளவுதான்: சலித்த ராகி மாவு 2 தம்ளர், அரை மணி நேரம் ஊறிய பச்சரிசி நொய் அரைத் தம்ளர், தண்ணீர் 5 தம்ளர், உப்பு, அடி கனமான பாத்திரம், துடுப்பு, பாத்திரம் சுழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு துணி. மாவை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அது நாள்பட்ட மாவு, அதைக்கொண்டு எவ்வளவு திறமையாகக் கிண்டினாலும் கசப்பு போகாது.

முதல் கட்டம், நொய்யை வேகவைப்பது. தண்ணீர் கொதித்ததும் உப்பும் நொய்யும் போட்டு, அரிசி விரலில் நசுங்கும் வரை வேகவிடுகிறேன். இப்போது இந்தக் கொதிநீரில் ஒரு தம்ளரை மொண்டு தனியே வைக்கிறேன். பலர் விட்டுவிடுவது இதைத்தான். களி இறுகிவிட்டால் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதைச் சரிசெய்ய முடியாது. இந்த வெந்நீர்தான் கைகொடுக்கும்.

இரண்டாம் கட்டம், மாவு போடுவது. தீயைக் குறைத்துவிட்டு, மாவு முழுவதையும் நடுவில் குன்றுபோலக் கொட்டுகிறேன். கிளறவில்லை, கவனியுங்கள். துடுப்பின் காம்பால் குன்றின் நடுவே அடிவரை ஒரு துளை போடுகிறேன்; கொதிநீர் அதன் வழியாகக் குமிழியிட்டு மேலே வந்து மாவின் மீது வழிகிறது. இனி மூடி போட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடலாம்.

இந்தப் பத்து நிமிடத்தில், கட்டி ஏன் தட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன். சுற்றி வரும் தட்டில் இருப்பது, மாவு போட்டவுடன் கிளறி நான் வேண்டுமென்றே கெடுத்த களி. அதிலுள்ள ஓர் உருண்டையைப் பிட்டுப் பாருங்கள்: வெளியே பளபளப்பான கரும்பழுப்புத் தோல், உள்ளே காய்ந்த வெளிறிய பொடி. மாவுச்சத்து சூடான நீரைத் தொட்டதும் உப்பிப் பசையாகிவிடுகிறது. அந்தப் பசை உள்ளே சிக்கிய மாவைச் சுற்றி மூடிக்கொள்வதால், அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் நீர் உள்ளே புகுவதில்லை. கிளறாமல் விட்டால், ஆவி மாவினூடே ஏறி அதை முதலில் நனைத்துவிடுகிறது. அவசரக்காரர்களுக்குக் களி வராது என்று என் பாட்டி திட்டியதன் காரணம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

மூன்றாம் கட்டம். அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைக்கிறேன்; நின்றுகொண்டு கிண்டினால் தோளில் வலுவிருக்காது. துடுப்பைச் சுழற்றுவதைவிட, மாவைப் பாத்திரத்தின் பக்கச் சுவரில் வைத்து அழுத்தித் தேய்ப்பதே முக்கியம். என் கையை மட்டும் பாருங்கள்.

ஆயிற்று. சற்று இறுக்கமாக இருப்பதால் எடுத்துவைத்த வெந்நீரில் கால் தம்ளர் தெளித்து, மீண்டும் சிறுதீயில் மூடி ஐந்து நிமிடம் வைக்கிறேன். பச்சை மாவின் வாடை நீங்கி, நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும். ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம்.

உருட்டுவதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரத் தட்டில் கொட்டி, கையை நனைத்து நனைத்துச் சூட்டோடு உருட்ட வேண்டும். ஆறினால் விரிசல் விடும். உருண்டையின் நடுவே கட்டைவிரலால் குழி செய்து, கொள்ளுக் கடைசலையோ கீரைக் கடைசலையோ ஊற்றித் தொட்டு விழுங்குங்கள். மெல்லத் தொடங்கினால் பல்லில் அப்பிக்கொள்ளும். மிஞ்சியதைத் தண்ணீரில் போட்டுவைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம்.

பின்னால் இரண்டு அடுப்புகளில் நொய் வெந்துகொண்டிருக்கிறது. இருவர் இருவராக வந்து கிண்டலாம். ஒருவர் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவர் துடுப்பை எடுங்கள். வெந்நீரை மொண்டு வைத்த பிறகே மாவில் கை வைக்க வேண்டும்.