கழுவெளி ஈரநில இரு பருவக் கணக்கெடுப்பு: நிதிக் கோரிக்கை விளக்கம்

பெறுநர்: ஆய்வு நிதிக் குழு
அனுப்புநர்: திட்டப் பொறுப்பாளர், விலங்கியல் துறை, திண்டிவனம்
காலம்: 2026 டிசம்பர் முதல் 2027 ஜூன் வரை
கோரும் தொகை: ₹5,80,000

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். ஒரு பக்கம் ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் நன்னீர்ப் பகுதி, மறுபக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும் உவர்நீர்ப் பகுதி, அதையும் தாண்டினால் உப்பளங்கள். பறவைகள் எங்கே இறங்குகின்றன என்பதைத் தண்ணீரின் ஆழமும் உப்பும்தான் பெரிதும் முடிவு செய்கின்றன. அதனால் பறவைக் கணக்கையும் நீர் அளவீட்டையும் ஒரே திட்டத்தில் செய்ய நினைக்கிறோம்.

ஜனவரியில் ஒருமுறை எண்ணினால் போதாதா என்று குழுவில் யாராவது கேட்கக்கூடும். வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு அந்த வேலையைச் செய்துவருகிறது; எங்கள் சுற்றுகளில் ஒன்றையும் அதே காலத்தில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கு, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நீர் நிறைந்து, வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் கூடியிருக்கும் நேரத்துக்கானது. மே, ஜூன் மாதங்களில் தண்ணீர் ஓடைகளுக்குள் சுருங்கிவிடும். மிச்சமிருப்பதில் உப்பு ஏறிவிடும். வறண்ட தரையில் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் முட்டையிடும். ஆக்கிரமிப்பு, மேய்ச்சல், கழிவுநீர் என எதன் பாதிப்பானாலும் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான். நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவது கோடைச் சுற்றுதான் என்பதால் இதை முன்பே சொல்லிவிடுகிறேன்: ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் தருவதாக இருந்தால், இந்தத் திட்டத்துக்குத் தர வேண்டியதில்லை. அந்தத் தகவல் ஏற்கெனவே இருக்கிறது.

வேலை முறை

கணக்கு எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பருவத்துக்கு நான்கு சுற்று, இரு வார இடைவெளியில். ஒரு சுற்றுக்கு மூன்று நாள். ஆக மொத்தம் 24 களநாள். நன்னீர், இடைப்பகுதி, உவர்நீர் என்று மூன்று பிரிவுகள். பிரிவுக்கு எட்டு இடங்கள். முதல் இரண்டு காலைகளில் மூன்று அணிகளும் ஒரே நேரத்தில் எண்ணும். மூன்றாம் நாள் 24 இடங்களிலும் நீர் அளவீடு.

ஒரே நேரத்தில் என்பதுதான் செலவை ஏற்றுகிறது. ஒரே அணி மூன்று காலைகளில் ஒவ்வொரு பிரிவாக எண்ணினால் பாதிச் செலவில் முடிந்துவிடும். ஆனால் ஒரு பருந்து தலைக்கு மேல் வந்தால் போதும், தெற்கே இருந்த ஊசிவால் வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பி வடக்கே போய் இறங்கிவிடும். நேற்று எண்ணிய அதே வாத்தை இன்றும் எண்ணி, இரட்டிப்பான தொகையை அறிக்கையில் போட எங்களுக்கு விருப்பமில்லை.

களத்தில் நாங்கள் ஏழு பேர்: நான், முதுகலை மாணவர்கள் இருவர், துறையின் ஆய்வக உதவியாளர், உள்ளூர்க் கள உதவியாளர்கள் மூவர். எனக்கும் ஆய்வக உதவியாளருக்கும் கல்லூரிச் சம்பளம் இருப்பதால் இதில் ஊதியம் கேட்கவில்லை.

கருவிகள்: ₹2,22,000

ஸ்பாட்டிங் ஸ்கோப் இரண்டு (80 மி.மீ., 20–60 மடங்கு), ஒன்று ₹48,000 வீதம் ₹96,000. துறையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அணி மூன்று என்பதால் இரண்டு மட்டும் கேட்கிறோம். பைனாகுலர் போதாதா என்றால், போதாது. கழுவெளியில் கரையிலிருந்து பறவைக் கூட்டம் பல நூறு மீட்டர் தள்ளி நிற்கும். அந்தத் தூரத்தில் எல்லா உள்ளானும் பழுப்புப் புள்ளிதான். மூக்கின் நீளத்தையும் வளைவையும் பார்த்தால்தான் இனம் பிரிக்க முடியும். கடலோரக் காற்றுக்கு ஆடாத டிரைபாட் இரண்டு, ₹18,000.

பைனாகுலர் (8×42) மூன்று, ₹14,000 வீதம் ₹42,000. இவை மூன்றும் உள்ளூர் உதவியாளர்களுக்கு. கூட்டம் எங்கே அமர்ந்திருக்கிறது, எப்போது எழும்பியது என்பதைக் கவனிப்பது அவர்கள் பொறுப்பு. அந்த வேலையைக் கொடுத்துவிட்டுக் கருவியைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

நீர் அளவீட்டுக்கு ₹50,000: கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர் ₹38,000, ரிஃப்ராக்டோமீட்டர் இரண்டு ₹7,000, அளவு திருத்தக் கரைசல்கள் ₹5,000. ரிஃப்ராக்டோமீட்டர் மலிவுதான், ஆனால் அதன் ஒரு கோடு ஆயிரத்துக்கு ஒரு பங்கு உப்பு. நன்னீர்ப் பகுதியில் நமக்கு வேண்டிய வித்தியாசமே அதற்குள் அடங்கிவிடும். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு அளவில் இருக்கும். கோடையில் உப்பளத்தை ஒட்டிய குட்டைகளில் அதையும் தாண்டும். குறைந்த விலை மீட்டர்கள் பல அந்த அளவுக்கு முன்பே நின்றுவிடுகின்றன. அதனால் 200 மில்லிசீமென்ஸ் வரை காட்டும் மீட்டர் வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர்கள், களத்தில் மீட்டர் மக்கர் செய்தால் உவர்நீர்ப் பகுதியையாவது காப்பாற்ற.

நீர்மட்டம் பார்க்க அளவு குறித்த இரும்புக் குழாய்க் கம்பங்கள் ஆறு, ₹1,200 வீதம் ₹7,200. நீர் புகாத பைகள், பேட்டரிகள், குறிப்பேடுகள், முதலுதவிப் பெட்டி ₹8,800.

கேட்காதவற்றையும் சொல்லிவிடலாம். ஜி.பி.எஸ். கருவி வேண்டாம், செல்போனே போதும். டிரோன் வேண்டாம்; அமர்ந்திருக்கும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு அதையே எண்ணுவதில் பொருளில்லை, சரணாலயத்துக்குள் அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். ரப்பர் பூட்ஸும் வேண்டாம். முழங்கால் சேற்றில் கால் மேலே வரும், பூட்ஸ் உள்ளேயே தங்கிவிடும். பழைய கேன்வாஸ் ஷூவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்வதுதான் அங்கே நடக்கிற வழி.

பயணம், தங்குதல், உணவு: ₹1,81,360

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கி.மீ. தினமும் போய்வரலாமே என்று தோன்றும். விடிவதற்கு முன் மூன்று அணியும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. அதனால் முந்தைய நாள் மாலையே பேருந்தில் போய் மரக்காணத்தில் தங்குகிறோம். நான்கு பேர், எட்டுச் சுற்று, போக வர ₹40 வீதம் ₹2,560. இரண்டு அறைகள், 24 இரவுகள், அறைக்கு ₹900 வீதம் ₹43,200.

மரக்காணத்திலேயே வாடகை வண்டி 24 நாள், டீசல், டிரைவர் பேட்டா உட்பட நாளுக்கு ₹3,000: ₹72,000. திண்டிவனத்திலிருந்தே வண்டி எடுத்தால் போகவர கிலோமீட்டரும் இரவு பேட்டாவும் சேர்ந்துவிடும். வண்டி ஒரு அணியைத்தான் நேரத்துக்கு இறக்க முடியும். மற்ற இரு அணிகள் உள்ளூர் உதவியாளர்களின் இருசக்கர வண்டிகளில் போகும். வண்டிக்கு நாளுக்கு ₹250 வீதம் ₹12,000. பெட்ரோல் மட்டும் என்று பார்த்தால் இது கூடுதல்தான். ஆனால் உப்புச் சேற்றில் ஓடிய வண்டிக்குச் செயினும் பிரேக்கும் என்ன ஆகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

முதல் பருவத்தில் மட்டும் முகத்துவாரப் பக்கம் படகு வேண்டும். 12 நாள், படகோட்டியின் கூலியோடு ₹1,500 வீதம் ₹18,000. மோட்டார் இல்லாமல் கழி ஊன்றிப் போகும் படகு. கோடையில் அதே இடத்தில் நடந்தே போகலாம்.

உணவு ஏழு பேருக்கும் நாளுக்கு ₹200 வீதம் ₹33,600. உள்ளூர்க்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார் என்று சிலர் கழிப்பதுண்டு. இருட்டோடு கிளம்பி வருபவருக்கு வீட்டில் என்ன சமைத்திருக்கும்?

கள உதவியாளர்கள்: ₹1,59,300

இந்தத் தலைப்பைக் குழு நிதானமாகப் படிக்க வேண்டும். கூலி என்றதும் குறைக்கக்கூடியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் இதைக் குறைத்தால்தான் தகவலின் தரம் விழும்.

உள்ளூர் உதவியாளர் மூவருக்கு நாளுக்கு ₹900 வீதம் 24 நாள்: ₹64,800. மூவரையும் கழுவெளியில் மீனும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்களிலிருந்தே எடுக்கப்போகிறோம். எங்கே தரை தாங்கும், எங்கே இடுப்பு வரை இறக்கும், எந்த மேட்டில் முட்டை கிடக்கும் என்பது வரைபடத்தில் இல்லை. எங்களோடு வரும் காலையில் அவர்கள் வலை போட முடியாது. அந்தப் பிடிப்பை ஈடுகட்டாத கூலிக்கு வேலை தெரிந்தவர் வரமாட்டார். மாணவர் இருவருக்கும் அதே ₹900தான்: ₹43,200. ஒருவர் படிப்பால் அறிகிறார், மற்றவர் பழக்கத்தால் அறிகிறார். இரண்டு விதக் கூலி வைக்க எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன் இரண்டு நாள் பயிற்சி, மூவருக்கும் முழுக் கூலியோடு: ₹10,800. ஆயிரம் பறவைக் கூட்டத்தை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து மதிப்பிடப் பழகுவதும், மீட்டரைக் கழுவித் துடைத்து வைப்பதும் இதில் வரும்.

கம்பங்களில் நீர்மட்டம் பார்க்க, டிசம்பர் நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை 28 வாரம், வாரத்துக்கு ₹600: ₹16,800. மூவரில் ஒருவர் செல்போனில் படமெடுத்து அனுப்புவார். நாங்கள் இல்லாத வாரங்களில் தண்ணீர் எப்படி இறங்கியது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

புயல் எச்சரிக்கையால் காலையில் வந்தும் திரும்ப நேர்ந்தால் அரைக் கூலி, மூவருக்கு இரண்டு நாள்: ₹2,700. விபத்துக் காப்பீடு மூவருக்கு ₹3,000. மாணவர்களின் தகவல் பதிவு, சரிபார்ப்பு, ஆளுக்குப் பத்து நாள்: ₹18,000.

உள்ளூர்க் கூலியை ஒவ்வொரு சுற்றும் முடிந்த அன்றே வங்கிக் கணக்கில் போடுவோம். பில் பாஸாகும் வரை காத்திருங்கள் என்று அன்றாடம் பிழைப்பவரிடம் சொல்ல முடியாது.

மொத்தம்

| தலைப்பு | முதல் தவணை (₹) | இரண்டாம் தவணை (₹) | மொத்தம் (₹) |
|---|---|---|---|
| கருவிகள் | 2,22,000 | – | 2,22,000 |
| பயணம், தங்குதல், உணவு | 99,680 | 81,680 | 1,81,360 |
| கள உதவியாளர்கள் | 82,500 | 76,800 | 1,59,300 |
| எதிர்பாராச் செலவு | – | 17,340 | 17,340 |
| மொத்தம் | 4,04,180 | 1,75,820 | 5,80,000 |

எதிர்பாராச் செலவு மற்ற தலைப்புகளின் கூட்டுத்தொகையில் சுமார் 3 சதவீதம். கருவிப் பழுதுக்கும், மழையால் தள்ளிப்போன சுற்றை மீண்டும் நடத்தவும் மட்டும். செலவாகாவிட்டால் திருப்பித் தரப்படும்.

முதல் தவணை பெரிதாக இருப்பதற்குக் காரணம் கருவிகள்தான். அவை நவம்பர் முடிவதற்குள் கையில் இருந்தாக வேண்டும். பயிற்சிக்கே ஸ்கோப் வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் மூன்று கொட்டேஷன்கள் வாங்கி இணைத்திருக்கிறோம், விலைகள் ஜி.எஸ்.டி. சேர்த்தவை. சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையிடம் விண்ணப்பித்திருக்கிறோம். அனுமதிக் கடிதம் வந்த பிறகு முதல் தவணையை விடுவித்தால் போதும். திட்டம் முடிந்ததும் ஸ்கோப்புகளும் மீட்டரும் துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏறும். பைனாகுலர் மூன்றையும் உதவியாளர்களிடமே விட்டுவைக்கக் குழுவின் ஒப்புதலைக் கேட்கிறோம்.