முத்துவுக்கு, ஆச்சி எழுதுவது

கோவில்பட்டி
7.12.2025, ஞாயிறு

முத்து ராசா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். நான் நலம்தான், முழங்கால் வலியைத் தவிர. உன் நலத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம். போனை எடுக்கமாட்டாய், குடும்ப குரூப்பை விட்டும் வெளியே போய்விட்டாயாம். வாரத்துக்கு ஒரு தடவை தங்கச்சிக்கு மட்டும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய், அதை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள். அந்தக் கட்டைவிரலை உன் அம்மா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினால், ஆச்சி என்னை அழ வைக்கப் பார்க்கிறாள் என்பாய். அதனால் எழுதவில்லை.

திருவல்லிக்கேணி விலாசம் உன் அம்மாவிடம் இருந்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள், சும்மா என்றேன். ரிஜிஸ்தர் தபாலில் போடலாம் என்று போஸ்ட் ஆபீசுக்குப் போனால், அது இப்போது தனியாகக் கிடையாதாம், ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம். கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்களா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து என்னுடையது, கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 3ஆம் தேதி உன் ஆடிட்டர் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று உன் அப்பன் போனில் சொன்னது தப்பு. "நாலு மார்க்குகூட உனக்கு வாங்கத் தெரியலையா" என்று கேட்டான். நான் பெற்ற பிள்ளை, எனக்கு அவனைத் தெரியும், தீப்பெட்டி ஆபீசில் இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன், வருஷா வருஷம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் ஆடிட்டர் ரூமுக்கு வெளியே நிற்கிறவன். உள்ளே ஒரு நாள் தன் மகன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து நினைத்து அவனுக்குப் புத்தி கொஞ்சம் கெட்டுப் போயிருக்கிறது. ஆனால் உன்னை வாயடைக்க வைத்தது அவன் இல்லை. நான்தான். அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "கண்ணு, பக்கத்து வீட்டில் கேட்டால் பாஸ் என்று சொல்லிவிடட்டுமா" என்று கேட்டேன் பார், அப்போது நீ ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாய். வைத்ததுதான், ஒரு மாதம் தாண்டிவிட்டது.

அந்த மௌனத்தைச் சரி என்று எடுத்துக்கொண்டு நான் பாஸ் என்றே சொல்லியும்விட்டேன். பக்கத்து வீட்டில், பால் கொண்டுவருகிற பையனிடம், கோயிலில் பூக்கட்டுகிறவளிடம். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான், நான் காப்பாற்றியது என் பெருமையை என்று உறைத்தது. என் பேரன் ஆடிட்டருக்குப் படிக்கிறான் என்று இரண்டு வருஷமாகத் தெருவில் தண்டோரா போட்டவள் நான்தானே. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய், நான் சொன்னது பொய், பையன் நாலு மார்க்கில் போய்விட்டான் என்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கு. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்படியா பெரியம்மா, எங்க வீட்டு மோட்டார் மூணு நாளா ஓடலை, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்கானா?" அவ்வளவுதான். பூக்கட்டுகிறவளிடமும் சொல்லிவிட்டேன், பால்காரப் பையன் இந்த வாரம் லீவு, வந்ததும் அவனிடமும் சொல்வேன். நீ பொங்கலுக்கு வந்தால் யாரிடமும் எந்தப் பொய்யையும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

உன் மார்க்கைப் பற்றி எனக்குப் புரியாது என்று நினைக்காதே. போன வருஷம் திண்ணையில் உட்கார்ந்து நீதான் விளக்கினாய், ஒரு குரூப்புக்கு மூணு பேப்பர், ஒவ்வொன்றிலும் 40 வாங்க வேண்டும், மூணும் சேர்ந்து 150 வர வேண்டும் என்று. நீ வாங்கியது 58, 45, 43. எதிலும் தோற்கவில்லை, கூட்டினால் 146, அதனால் ஃபெயில். நான் சின்னப் பிள்ளையில் பெட்டி ஒட்டினவள் ராசா, இது எனக்குப் புரியாமல் எதற்குப் புரியும்? ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அதில் நாலு பெட்டி சொட்டை என்றால் அந்தக் குரோஸ் கணக்கில் ஏறாது, 140 பெட்டி ஒட்டிய கூலியும் அன்றைக்குக் கிடையாது, வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வருவேன். ஆனால் எங்களுக்கு மறுநாள் நாலு பெட்டியை மட்டும் ஒட்டிச் சேர்த்தால் போதும். உனக்கு அப்படி இல்லை, மூணு பேப்பரையும் முதலில் இருந்து எழுத வேண்டும். ஒரு பேப்பரில் 60 வந்திருந்தால் அதையாவது மறுபடி எழுதாமல் தப்பித்திருக்கலாம், அதுவும் 58இல் வந்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் இடி. உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான், எனக்கே அந்தப் பரீட்சைக்காரர்கள் மேல் கோபமாக இருக்கிறது.

சரி, இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பம்பாய் தாத்தா விஷயம். என் அண்ணன் பம்பாயில் வியாபாரம் செய்யப் போனார் என்றுதான் உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். அது இல்லை. 1968இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் அவருக்குக் கணக்கு போய்விட்டது. அப்போது பேப்பரில் நம்பர் போடுவார்கள், பாஸானவர்கள் நம்பர் மட்டும் இருக்கும். டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அப்பா விரலால் தேடியிருக்கிறார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்து அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூணாம் நாள் அண்ணனைக் காணோம். எனக்குப் பதிமூணு வயது. ஆறு வருஷம் ஒரு கார்டுகூட வரவில்லை. தாராவியில் நம்ம பக்கத்து ஆட்கள் நிறைய, அங்கே இட்லி விற்கிற ஒருத்தரிடம் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். தெருக்காரர் ஒருத்தர் பார்த்து வந்து சொல்லித்தான் உயிரோடு இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

இது ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அண்ணன் எனக்கு மட்டும் பிற்பாடு சொன்னது ஒன்று உண்டு. நடுவில் இரண்டு தடவை அவர் கோவில்பட்டிக்கு வந்திருக்கிறார். முதல் தடவை 1970 பொங்கலுக்கு. ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். நம் தெரு ஆள் ஒருத்தர் அந்தப் பக்கம் போனதும் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாராம். வீடு நடக்கிற தூரம்தான். எங்கம்மா அன்றைக்குப் பொங்கல் பானைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருப்பாள். சாயங்காலம் வந்த ரயிலில் ஏறித் திரும்பிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தார், மறுபடியும் அதே பெஞ்சு, அதே திரும்பல். ஏண்ணே இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "முதல் தடவை ஃபெயிலானதுக்கு வெட்கப்பட்டேன். இரண்டாவது தடவை கணக்குப் பரீட்சை எனக்கு ஞாபகமே இல்லை, முதல் தடவை வந்துட்டு வராமப் போனேனே, அதுக்குத்தான் வெட்கம்" என்றார்.

உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே இதனால்தான். நீ இப்போது எந்த வெட்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. கார்த்திகைக்கு உன் அம்மா ஓலைக் கொழுக்கட்டை அவித்துப் படம் அனுப்பினாளே, நீ பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. அது 146க்காகவா, இல்லை அதற்கு முன்னால் பத்து மெசேஜுக்குப் பதில் போடாமல் விட்டதற்காகவா? பின்னதாக இருந்தால் அதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, நான் எல்லாரிடமும் கேட்டாகிவிட்டது. உன் அப்பனுக்குக் கொஞ்சம் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன் எப்படி வந்தார் என்று சொல்லவில்லையே. 1974 ஆவணியில் என் கல்யாணம். கடைசிப் பந்தியில் ஓரத்து இலையில் தாடியோடு ஒருத்தன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அம்மா பார்த்துவிட்டாள். பக்கத்தில் வரவில்லை, அழவில்லை. பரிமாறுகிறவனைப் பார்த்து, "ஏலே, அந்த இலையில உப்பு வைக்கலை பாரு" என்று ஒரு சத்தம் போட்டாள். அவன் ஓடி வந்து உப்பு வைத்தான். அண்ணன் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, நேரே போய்ப் பந்தி எச்சில் இலைகளை எடுக்கத் தொடங்கிவிட்டார். எங்கே போயிருந்தாய் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கணக்குப் பரீட்சையை அவர் அதற்கப்புறமும் எழுதவில்லை, அது வேறு விஷயம், நீ எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று நேற்று அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பெஞ்சு விஷயத்தையும் எழுது" என்றார்.

ஜனவரிக்கு ஃபாரம் கட்டினாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கச் சொல்லி உன் அப்பன் மூணு தடவை சொன்னான், கடிதம் எழுதுவது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் வீட்டில் தனியாக இருப்பேன். அப்பன் ஆபீசில், உன் அம்மா சங்கக் கூட்டத்துக்குப் போய்விடுவாள், தங்கச்சி டியூஷன். என் பட்டன் போனுக்குக் கூப்பிடு. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், எனக்கு உன்னிடம் கேட்க ஒரு வேலை இருக்கிறது: இந்தப் போனில் விடிகாலை நாலரைக்கு அலாரம் வைப்பது எப்படி என்று மறந்துவிட்டது, மார்கழி பிறக்கப் போகிறது, கோலம் போட எழுந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடு. அந்த வியாழன் முடியாவிட்டால் அடுத்த வியாழன்.

இப்படிக்கு
உன் ஆச்சி

பின்குறிப்பு: தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுப் போன நீலச் சட்டையில் இரண்டு பட்டன் போயிருந்தது, தைத்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மட்டும் அதே நிறம் கிடைக்கவில்லை, கீழே பேண்ட்டுக்குள் போகிற இடத்தில் வைத்துவிட்டேன், தெரியாது.