ஜூன் 1 முதல் என் வடிவமைப்புக் கட்டணம் மாறுகிறது

வணக்கம்,

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வருகிற ஜூன் 1 முதல் என் கட்டணத்தை 15 சதவீதம் கூட்டுகிறேன். மணிக்கணக்கில் செய்யும் வேலை, பக்கக் கணக்கில் செய்யும் லேஅவுட், மாதாந்திர ஒப்பந்தம், மூன்றுக்கும் இதே 15 சதவீதம்தான். இன்று மார்ச் 31. ஆக, உங்களுக்கு முழுசாக இரண்டு மாதம் கையில் இருக்கிறது, அதுவரை பில்லில் ஒன்றும் மாறாது.

பல வருடமாக என்னோடு வேலை செய்கிற சிலருக்கு மட்டும்தான் இந்த மின்னஞ்சல் போகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு ஜனவரியிலிருந்தே புதுக் கட்டணத்தைத்தான் சொல்லி வருகிறேன். உங்களுக்கு அப்படித் திடீரென்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் உங்களில் பலர் வருட ஆரம்பத்திலேயே பட்ஜெட் போட்டு, அதற்கு மேலே ஒருவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பீர்கள், நடுவில் ஒரு எண் மாறினால் அதற்கு விளக்கம் எழுத வேண்டியது நீங்கள்தான். அந்த விளக்கத்தை எழுத உங்களுக்கு நேரமும், எழுதுவதற்குத் தேவையான விவரமும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இப்போது ஒரு வேலைக்கு 100 கொடுக்கிறீர்கள் என்றால் ஜூனிலிருந்து அது 115. மாதாந்திர ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு மணி நேரம் குறையாது, 20 மணி என்றால் 20 மணிதான், தொகை மட்டும் மாறும். அவசர வேலைக்கான கூடுதல் கட்டணம் இப்போது இருக்கிற 25 சதவீதமே, அதைத் தொடவில்லை. இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கியது என்பதும், பில் கிடைத்த 15 நாளில் பணம் என்பதும், வேலை முடிந்ததும் மூலக் கோப்புகளைத் தனியாகக் காசு வாங்காமல் கொடுத்துவிடுவதும் அப்படியே தொடரும்.

அப்புறம், நடுவில் மாட்டிக்கொள்ளும் வேலைகள். ஏற்கெனவே நான் எழுத்தில் மதிப்பீடு கொடுத்த எதுவும் அந்த மதிப்பீட்டின்படியே முடியும், அது எத்தனை வாரம் இழுத்தாலும் சரி. மே 31-க்குள் "செய்துவிடலாம்" என்று ஒரு வரி மின்னஞ்சலில் உறுதி சொல்லிவிட்டீர்கள் என்றால், ஆகஸ்ட் 31-க்குள் முடிகிற வேலைக்குப் பழைய கட்டணம்தான் போடுவேன். முன்பணம் கட்டி மணிகளை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த மணிகள் தீரும் வரை எந்த மாற்றமும் இல்லை, அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. ஆனால் ஒரு வேண்டுகோள்: இதற்காக ஆண்டறிக்கை, பட்டியல், கையேடு என்று எல்லாவற்றையும் மே மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டியதில்லை. எனக்குத் தேவை அந்த ஒரு வரி உறுதி மட்டும்தான். கோப்புகளும் படங்களும் உங்கள் வேகத்தில் வரட்டும், அரைகுறையாக வந்த உரையை வைத்து லேஅவுட் தொடங்கினால் இரண்டு பேருக்கும்தான் வேலை இரட்டிப்பாகிறது.

ஏன் இப்போது என்று நீங்கள் கேட்பது நியாயம்.

கடைசியாகக் கட்டணத்தை மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் மென்பொருள் சந்தா, எழுத்துரு உரிமம், கோப்புகளைப் பாதுகாப்பாக இரண்டு இடத்தில் சேமித்து வைப்பதற்கான செலவு எல்லாம் ஏறிவிட்டன. எழுத்துரு விஷயம் வெளியே தெரியாது என்பதால் சொல்கிறேன்: அச்சுக்கு வாங்கிய உரிமத்தை அப்படியே இணையதளத்துக்கோ செயலிக்கோ பயன்படுத்த முடியாது, பெரும்பாலான நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் விற்கின்றன. போதாததற்கு, அடோபி 2023 ஜனவரியில் டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்தியபோது, உங்களில் சிலருடைய பழைய அறிக்கைகளை ஓப்பன்டைப் எழுத்துருவுக்கு மாற்றி, வரி உடைந்த இடமெல்லாம் பார்த்துப் பார்த்துச் சரி செய்தேன். காப்பீடு, விடுப்பு, ஓய்வுக்காலச் சேமிப்பு, நோயில் படுத்தால் வருமானம் நிற்பது, இதெல்லாம் தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அவருடைய கட்டணத்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும். மதிப்பீடு எழுதுவது, பில் போடுவது, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, புதிதாகக் கற்றுக்கொள்வது ஆகிய நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை, தரவும் முடியாது. பணம் வருகிற மணிகள்தான் மற்ற மணிகளையும் சுமக்கின்றன.

ஆனால் செலவு ஏறியது பாதிக் காரணம்தான். வேலையே மாறிவிட்டது என்பது இன்னொரு பாதி, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பெல்லாம் ஒரு கையேடு என்றால் அச்சகத்துக்கு ஒரு பிடிஎஃப், சுற்றிலும் 3 மி.மீ. பிளீட், வண்ணங்கள் சிஎம்ஒய்கே, படங்கள் 300 டிபிஐ, அவ்வளவுதான். இன்று அதே கையேடு கைபேசியில் படிக்க வசதியாக ஒரு வடிவத்திலும், சமூக ஊடகத்துக்கு நான்கைந்து அளவிலும், பார்வையில்லாதவர்கள் திரைவாசிப்பான் மூலம் கேட்கக்கூடிய பிடிஎஃப் ஆகவும் தேவைப்படுகிறது. அந்தக் கடைசி வேலையில் தலைப்புகளுக்கெல்லாம் குறியீடு போட வேண்டும், படிக்கும் வரிசையைச் சரி பார்க்க வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அட்டவணை என்றால் எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கேட்பவருக்குப் புரிகிற மாதிரி கட்ட வேண்டும். இதை நான் விரும்பித்தான் செய்கிறேன், இன்னும் நன்றாகவும் செய்ய ஆசை. பழைய கட்டணத்தில் இதையும் சேர்த்துச் செய்துகொண்டே போனால் இரண்டு வழிதான் இருக்கிறது: ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்கிற நேரத்தைக் குறைப்பது, இல்லையென்றால் இன்னும் நிறையப் பேரிடம் வேலை வாங்கிக் குவிப்பது. இரண்டிலுமே முதலில் அடிபடுவது உங்கள் கோப்பை இன்னொரு தடவை நிதானமாகப் பார்க்கிற அந்தக் கடைசி ஒரு மணி நேரம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. குறைந்த பேருக்கு, நேரம் எடுத்து, சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முடிவு.

இனி நன்றி. இதை மரியாதைக்காக எழுதவில்லை.

தனியாக வேலை செய்கிற ஒருத்திக்கு நல்ல வாடிக்கையாளர் என்றால் என்ன என்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். ப்ரூஃப் அனுப்பினால் ஐந்து பேர் ஐந்து மின்னஞ்சலில் முரண்பட்ட திருத்தம் அனுப்பாமல், உட்கார்ந்து பேசி ஒரே பட்டியலாகத் தருகிறீர்கள். "லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக "முதல் பக்கத்தைத் திறந்ததும் யார் அனுப்பியது என்றே தெரியவில்லை" என்று பிரச்சினையைச் சொல்லி, தீர்வை என்னிடம் விட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் வேலை நன்றாக வந்திருக்கிறது. பில்லை நினைவுபடுத்த வேண்டிய நிலைமையை உங்களில் யாரும் எனக்கு வைத்ததில்லை, அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தனித் தொழில் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களில் ஒருவர் தன் அமைப்பின் பெயரையே மாற்றுகிற செய்தியை ஊழியர்களுக்குச் சொல்வதற்கு முன்பே என்னிடம் சொன்னார், புது அடையாளம் தயாராக வேண்டும் என்பதற்காக. அந்த நம்பிக்கையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம், வேலை குறைவாக இருந்த மாதங்களில் நான் கேட்காமலே தெரிந்தவர்களிடம் என் பெயரைச் சொல்லி அனுப்பியவர்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் நான் இன்னும் நிலைத்து நிற்பதற்கு அது ஒரு காரணம்.

புதுக் கட்டணம் உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். கட்டணத்தை ஆளுக்கு ஆள் மாற்ற மாட்டேன், அது மற்றவர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை. ஆனால் வேலையின் அளவை மாற்றலாம். மாதாமாதம் வரும் செய்திமடலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆக்கலாம், 24 பக்கத்தை 16 பக்கமாக்கலாம் (உண்மையில் சில இதழ்கள் அதில் இன்னும் நன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன்), அல்லது அழைப்பிதழ், அறிவிப்பு மாதிரி சின்ன வேலைகளை உங்கள் அலுவலகத்திலேயே செய்துகொள்கிற மாதிரி வார்ப்புருக்களை ஒருமுறை தயாரித்துக் கொடுத்துவிட்டு, பெரிய வேலைகளுக்கு மட்டும் நான் வரலாம். இது எதுவுமே சரிப்படாமல் வேறொருவரிடம் போவதுதான் சரி என்று தோன்றினால், அதிலும் வருத்தம் கிடையாது. மூலக் கோப்புகள், எழுத்துருப் பட்டியல், வண்ண எண்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி ஒப்படைப்பேன், புதிதாக வருகிறவரோடு ஒரு மணி நேரம் பேசி விளக்குவேன், அதற்குக் கட்டணம் இல்லை. நல்ல வடிவமைப்பாளர்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், விரும்பினால் அறிமுகம் செய்கிறேன்.

உங்கள் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாதாந்திர ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் தொடர்கிறீர்களா, மாற்றுகிறீர்களா என்று மே 15-க்குள் ஒரு பதில் போடுங்கள், புதிய தொகை எழுதிய ஒப்பந்தப் பக்கத்தை அந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். வேலைக்கு வேலை அழைப்பவர்கள் பதில் எழுத வேண்டியதில்லை, ஜூன் 1 முதல் நான் தருகிற மதிப்பீட்டில் புது எண் இருக்கும். உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தனியாக ஒரு கட்டணக் கடிதம் வேண்டுமென்றால் கேளுங்கள், அன்றே அனுப்புகிறேன். எழுதுவதைவிடப் பேசுவது சுலபம் என்றால் ஏப்ரல் முழுவதும் வியாழக்கிழமை மதியங்களை இதற்காகவே காலியாக வைத்திருக்கிறேன், எந்த வியாழன் என்று மட்டும் சொல்லுங்கள், நானே அழைக்கிறேன்.

இப்போது நடந்துகொண்டிருக்கிற வேலைகள் எல்லாம் சொன்ன தேதியில் வந்துவிடும். இத்தனை வருடம் என்னை நம்பி வேலை கொடுத்ததற்கு மறுபடியும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
கவிதா
அச்சு, எண்ணிம வடிவமைப்பு