கல்பனா வீட்டுக் கறிவேப்பிலைக்கு

கல்பனா,

ஆடி பிறக்கும் முன்னே பால் காய்ச்சிவிட்டாய், ரொம்ப சந்தோஷம். பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.யில் ஜன்னலோரக் கட்டிலுக்கு நாம் இரண்டு பேரும் காத்திருந்தது போய், இன்று உனக்கென்று ஒரு சாவி, ஒரு அடுப்படி, கிழக்குப் பார்த்த ஒரு பால்கனி.

இது கடையில் வாங்கிய செடி இல்லை. நான் முதல் வீட்டுக்குப் போன வருஷம் சித்தாபுரா நர்சரியில் வாங்கினேனே, அந்தக் கறிவேப்பிலையின் வேரிலிருந்து முளைத்த கன்று. ஒரு வருஷமாக மொட்டைமாடியில் தனித் தொட்டியில் வளர்த்தேன், உனக்காகத்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இடம் மாறியதால் முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் இலை உதிரும். பயந்து தண்ணீரை ஊற்றிவிடாதே. பி.ஜி. துளசி வாடுகிறதே என்று காலையும் மாலையும் ஊற்றினாய், கடைசியில் வேர் அழுகிப் போய் இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கறிவேப்பிலை காய்ச்சலைத் தாங்கும், ஈரத்தில் நிற்பதைத் தாங்காது. மண்ணுக்குள் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார். ஈரம் தட்டினால் விட்டுவிடு, காய்ந்திருந்தால் அடியில் வழியும்வரை ஊற்று. இந்த மழை மாதங்களில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை போதும், ஏப்ரல் வெயிலில் தினமும் கேட்கும். தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடு, டெங்கு கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும்.

காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள். போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அது வீட்டைத் துடைக்கத்தான்.

வெயில் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. பால்கனிக் கம்பியை ஒட்டியே வை, காலை வெயில் நாலைந்து மணி நேரமாவது நேராகப் படட்டும். ஹாலில் அழகாக இருக்கும் என்று உள்ளே கொண்டுபோகாதே.

இலை பறிப்பது. மூன்று மாதம் தொடாதே. சாம்பாருக்குக் காய்கறிக் கடையில் கொசுறாகவே கேட்டு வாங்கிக்கொள். அப்புறமும் ஒவ்வொரு இலையாக உருவக் கூடாது, கொம்பு மொட்டையாக நிற்கும். நுனியில் ஐந்தாறு ஈர்க்கோடு சேர்த்துக் கத்தரியால் வெட்டு. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை கிளம்பும். அப்படிப் பறிக்கப் பறிக்கத்தான் செடி புதராகும். பூ மொட்டு வைத்தால் கிள்ளிவிடு, தெம்பு இலைக்குப் போகட்டும்.

மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரு டம்ளர் புளித்த மோரில் ஐந்து டம்ளர் தண்ணீர் கலந்து வேரில் ஊற்று. உப்புப் போட்ட மோர் வேண்டாம். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீத்தூளைக் கொட்டாதே, எறும்பு வரும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சியும் வரும். வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டு சோப்புத் திரவமும் கலந்து, வெயில் தாழ்ந்தபிறகு இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளி.

இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் குனிந்து நன்றாகப் பார். பெரும்பாலும் அது புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும், இலையோடு இலையாகக் கண்ணுக்கே தெரியாது. நாலு புழு சேர்ந்தால் இந்த அளவுச் செடியை இரண்டு மூன்று நாளில் மொட்டையடித்துவிடும். ஆனால் கொல்ல மனசு வராது, அது வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு. இலையோடு கிள்ளி ஒரு டப்பாவில் போட்டு வை, நான் வந்து எடுத்துப்போய் என் பெரிய செடியில் விட்டுக்கொள்கிறேன். அதற்கு இலை பஞ்சமில்லை.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் துளிரே வராது, பழைய இலையும் பழுத்து விழும். செத்துவிட்டது என்று நினைக்காதே. உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்துவிட்டுச் சும்மா இரு. பிப்ரவரியில் வெயில் ஏறும்போது கொம்பில் சிவந்த துளிர் தெரியும். அன்றைக்கு எனக்கு போன் பண்ணு. பன்னிரண்டு அங்குலத் தொட்டியும் செம்மண்ணும் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாக மாற்றி வைக்கலாம்.

வசந்தி