தோட்டத்துக்கு வந்த கரண்டு
(ஆவணப்படத்தின் இரண்டாம் பாகம், படப்பிடிப்புப் பிரதி)

காட்சி 1: கிணற்று மேடு

திரை கறுப்பு. உருளை கிறீச்சிடும் சத்தம் மட்டும். அப்புறம் தண்ணீர் தொட்டியில் கொட்டும் ஓசை. மூன்றாவது கொட்டலில் படம் தெளிகிறது.

படம்: அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டு மரப்பெட்டியில் கிடைத்தது. எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டும் காட்சி. ஒரு ஜோடி எருது, சரிந்து இறங்கும் வாரி, வடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். அசைந்துவிட்டதால் அவர் தலை மங்கலாக இருக்கிறது.

கேமரா: கீழ் இடது மூலையில் தொடங்குகிறோம். எருதின் குளம்பு பட்டுத் தேய்ந்த மண். அங்கிருந்து வடத்தைப் பிடித்தபடி மேலே நகர்ந்து உருளையில் நிற்கிறோம். மொத்தம் 20 விநாடி, அவசரமே வேண்டாம். மங்கிய முகத்துக்கு நெருங்கிப் போகாதீர்கள். போனால் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும், அந்த மனிதருக்கும் அது மரியாதை இல்லை.

குரல்: மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்ள, மறுபக்கம் கிடக்கும் மண் கொங்கு நாடு. நொய்யலும் பவானியும் அமராவதியும் பாயும் கரைகளை விட்டுத் தள்ளிப் போனால் வானம் பார்த்த காடுதான். அந்தக் காட்டுக்கு நடுவே எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே ஒரு கிணறு இருக்கும். கிணறு இருந்தால் அது தோட்டம்.

காட்சி 2: மறுநடிப்பு, விடியலுக்கு முன்

இடம்: பல்லடம் அருகே பார்த்து வைத்த பழைய கிணறு. வாரி இன்னும் சரியாமல் இருக்கிறது, உருளை மாட்டும் கல்தூணும் நிற்கிறது. மின்கம்பி சட்டகத்துக்குள் வராத கோணம் தெற்கிலிருந்து மட்டும்தான்.

நடிப்பவர்கள்: கவலை ஓட்டும் பெரியவர், வாய்க்காலில் மடை மாற்றும் பேரன். இருவரும் அந்த ஊர்க்காரர்களே. பெரியவர் வாலிப வயதில் கவலை ஓட்டியவர் என்பதால் அவருக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. அவர் செய்வதைக் கேமரா பின்தொடரட்டும்.

முக்கியமான குறிப்பு: எருதுகள் சரிவில் இறங்கும்போதுதான் தண்ணீர் மொள்ளும் தோல் சால் மேலே வரும். அப்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்காருவார், அவர் எடையும் இழுவைக்கு உதவும். சால் காலியானதும் எருதுகளைத் திருப்பாமல் பின்னுக்கு நடத்தியே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். சில படங்களில் எருதைச் சுற்றி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அது செக்கு, கவலை அல்ல.

அந்தச் சால் நெருக்கமாகத் தெரிய வேண்டும். இரும்பு வளையத்தில் தைத்த தோல், அடியில் யானைத் துதிக்கை மாதிரி தொங்கும் தோல் குழாய். பெரிய வடம் சாலைத் தூக்கும். சின்னக் கயிறு அந்தக் குழாயின் வாயை மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வாய் தொட்டிக்குள் தானே விழுந்து தண்ணீர் கொட்டும், யாரும் கைவைக்க வேண்டியதில்லை. இந்த ஓர் அசைவைப் பார்வையாளர் முழுதாகப் பார்த்துவிட்டால் போதும், விளக்கம் வேண்டாம். இங்கே குரல் இல்லை.

பேரன்: அப்பாரு, கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணி போகலீங்க.

பெரியவர்: போகும் போ கண்ணு. இன்னும் விடியவே இல்லை.

குரல் (காட்சி முடியும்போது): சால் தைத்தவர்கள் அருந்ததியர். தோலைப் பதப்படுத்துவதும், கிழிந்தால் வந்து ஒட்டுப்போடுவதும் அவர்கள் கை. பண்ணையின் தண்ணீர் முழுக்க அந்தத் தையலில் நின்றது. அறுவடையில் அதற்குக் கிடைத்த தானியக் கூலியோ கொஞ்சம்.

எடிட்டருக்கு: சால் தைப்பவரின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பண்ணையார் வீட்டுக் கல்யாணப் படங்கள் மட்டும் நிறைய. பொதுவான கிராமத்துப் படம் எதையாவது போட்டு ஒப்பேற்ற வேண்டாம். தோலில் ஊசி ஏறும் கையை மட்டும் மறுநடிப்பில் எடுப்போம்.

காட்சி 3: பஞ்சும் புகையும்

படங்கள் மூன்று: பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகள், ஆலைப் புகைபோக்கி, நூற்பு எந்திரங்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள். முதல் இரண்டும் நான்கு நான்கு விநாடி போதும்.

குரல்: 1888இல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1910இல் லட்சுமி மில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்திக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். ஆலை பெருகினால் பருத்தி வேண்டும், பருத்திக்குக் கிணறு வேண்டும், கிணற்றுக்கு எருது வேண்டும். ஆலைக்குள் நீராவி ஓடிக்கொண்டிருந்தபோது தோட்டத்தில் கவலைதான் ஓடியது.

கேமரா: மூன்றாவது படத்தில் வலமிருந்து இடமாக, முகம் முகமாக நகர்கிறோம். ஓரத்தில் ஒரு சிறுவன் கேமராவைப் பார்க்காமல் எந்திரத்தைப் பார்க்கிறான். அவனிடம் ஒரு மூச்சு நேரம் நிற்கலாம்.

காட்சி 4: பைகாரா

படம்: மலைச்சரிவில் இறங்கும் இரும்புக் குழாய்கள், பக்கத்தில் எறும்பளவில் ஆட்கள்.

கேமரா: உச்சியில் தொடங்கிக் குழாய் வழியே கீழே. இந்தப் பாகத்தின் மிக நீண்ட நகர்வு இதுதான், 30 விநாடி. கீழே வந்து சேரும்வரை மின்நிலையம் தெரியக் கூடாது.

குரல்: நீலகிரியில் பைகாரா ஆற்றை மறித்து, 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து தண்ணீரைச் சிங்காரா மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். 1929இல் தொடங்கிய வேலை. 1932இல் மின்சாரம் பிறந்தது. சென்னை மாகாண அரசின் முதல் பெரிய நீர்மின் நிலையம். கம்பி கோயம்புத்தூருக்கு இறங்கியது. நிலக்கரிக்கு ரயிலை எதிர்பார்த்திருந்த ஊரில் அடுத்த சில ஆண்டுகளில் ஆலைகள் மளமளவென்று முளைத்தன.

இசை வேண்டாம். திறப்பு விழாப் படங்களில் மாலையும் தலைப்பாகையுமாக இருப்பவர்களைத் தவிர்த்துவிடலாம். அவர்களை எல்லாரும் காட்டியாகிவிட்டது.

காட்சி 5: பட்டறை

படம்: பீளமேட்டுப் பட்டறை. மின்மோட்டாரின் உடல் பாகத்தைக் கடைசல் எந்திரத்தில் பூட்டியிருக்கிறார்கள்.

குரல்: மின்சாரம் வந்துவிட்டது. சரி, மோட்டார்? அது கப்பலில் வந்தது, விலையும் அப்படி. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். ஆலைக்கு உதிரிபாகம் வார்த்த பவுண்டரிகள் பம்பும் வார்க்கத் தொடங்கின. கோவை மோட்டார் பம்பு என்று பின்னாளில் நாடெங்கும் அறிந்த தொழிலின் வேர் இந்தப் பட்டறைகளில்தான் இருக்கிறது.

மறுநடிப்பு: உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றும் காட்சி. ஒளி உலையிலிருந்து மட்டும் வர வேண்டும், விளக்கு வைக்காதீர்கள். அன்றைய பட்டறையில் கையுறை போட்டு யாரும் வேலை செய்திருக்க மாட்டார்கள் என்றாலும், நம் ஆட்கள் போட்டுக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். கை தெரியாத கோணத்தில் எடுத்துவிடலாம்.

காட்சி 6: சுவிட்சு

படம்: புதிதாகக் கட்டிய மோட்டார் ரூம் வாசலில் குடும்பமே நிற்கிறது. மோட்டாருக்கு மாலை, சந்தனப் பொட்டு. பின்னணியில் பழைய உருளைத் தூண்.

கேமரா: மாலையில் தொடங்கிப் பின்னுக்கு விலகுகிறோம். குடும்பம் முழுதும் வந்த பிறகும் நிறுத்தாமல், தூணும் சட்டகத்துக்குள் வரும்வரை.

மறுநடிப்பு: காட்சி 2இல் வந்த அதே பேரன், இப்போது இளைஞன். சுவிட்சைத் தட்டுகிறான். குழாய் இருமுறை காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீரைத் தள்ளுகிறது.

பெரியவர்: இப்படியே இறைச்சா ஊத்து தாங்குமாடா?

பேரன்: தாங்குமுங்க அப்பாரு. இல்லைன்னா இன்னும் கொஞ்சம் தோண்டிக்கலாம்.

குரல்: எருது களைத்தால் கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. ஊற்று ஊறும் வேகத்தை விட இறைக்கும் வேகம் கூடியதும் பாறையை வெடி வைத்துத் தகர்த்து ஆழப்படுத்தினார்கள். ஆழப்படுத்தியதும் பெரிய மோட்டார் வேண்டியிருந்தது. கடைசியில் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள். கவலை ஓட்டியவரும் சால் தைத்தவரும் வேறு வேலை தேடினார்கள். சிலர் ஆலைக்கு, சிலர் பவுண்டரிக்கு, பின்னாளில் சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு.

எழுத்துப் பட்டியல்: படம் கொடுத்த வீடுகளின் ஊர்ப்பெயர் மட்டும். நடித்த பெரியவரையும் பையனையும் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே போடவும். பின்னணியில் மோட்டார் ஓடும் சத்தம், பட்டியல் முடியும்வரை குறையாமல்.